போண்டியாகும் வாய்ப்பு: பந்தயம், சாதகம், கைமுதல் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுவது எப்படி

கைமுதல் 1,15,000 ரூபாய். ஒரு பந்தயத்துக்கு 1,000 ரூபாய். ஜெயித்தால் 1,000 வரும், தோற்றால் 1,000 போகும். 100 ஆட்டத்தில் சராசரியாக 51 உங்களுக்கு, 49 எதிராளிக்கு. எவ்வளவு காலம் ஆடினாலும் இந்தக் கைமுதல் முழுவதும் கரைந்துபோக ஏறக்குறைய 1 சதவீத வாய்ப்புதான் இருக்கிறது. இப்போது பந்தயத்தை மட்டும் 2,000 ஆக்குங்கள். வாய்ப்பு 2 சதவீதம் ஆகும் என்றுதான் பெரும்பாலோர் நினைப்பார்கள். ஆனால் அது 10 சதவீதம் ஆகிறது. 4,000 ஆக்கினால் 32, 8,000 ஆக்கினால் 56.

சாதகம் மாறவில்லை, கைமுதலும் மாறவில்லை. பந்தயத்தின் அளவு மட்டுமே மாறியிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ரிஸ்க் ஆஃப் ரூயின்’ என்று சொல்லப்படும் இந்தக் கணக்கைக் கையால் போடுவது எப்படி, அது எங்கே பொய் சொல்லும் என்பதைக் கீழே பார்க்கலாம். முதலில் நாணயச் சுண்டல் போன்ற எளிய ஆட்டம், பிறகு பிளாக்ஜாக்கில் சீட்டு எண்ணி ஆடுபவரின் முழுக் கணக்கு. பிளாக்ஜாக்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சூதாட்டங்களில் ஆடுபவருக்கு உண்மையான சாதகம் கிடைக்கக்கூடியவை மிகச் சில. அவற்றில் சாதகம், ஏற்ற இறக்கம் இரண்டும் ஓரளவு துல்லியமாகத் தெரிந்த ஆட்டம் இதுதான்.

## சமபந்தயக் கணக்கு

ஜெயிக்கும் வாய்ப்பு p, தோற்கும் வாய்ப்பு q. கைமுதலைப் பந்தயத் தொகையால் வகுத்தால் கிடைப்பது N, அதாவது கையில் எத்தனை பந்தயத்துக்கான பணம் இருக்கிறது என்பது. q ஐவிட p பெரிதாக இருக்கும் வரை, என்றாவது ஒருநாள் போண்டியாகும் வாய்ப்பு:

```
R = (q/p)^N
```

51க்கு 49 என்றால் q/p = 0.9608. N = 115 எனில் 0.9608 ஐ 115 முறை பெருக்க வேண்டும். விடை 0.01.

பந்தயம் இரட்டித்தால் ஏன் 1 சதவீதம் 10 ஆகிறது? 1,15,000 ரூபாயும் போக வேண்டுமானால் முதலில் அதில் பாதி போக வேண்டும், பிறகு மீதிப் பாதியும் போக வேண்டும். இரண்டும் ஒரே நீளமுள்ள சரிவு. ஆட்டத்துக்கு முன்பு நடந்தது நினைவில் இருப்பதில்லை என்பதால் இரண்டுக்கும் வாய்ப்பு ஒன்றே. 10 சதவீதத்தில் 10 சதவீதம், ஆகவே 1 சதவீதம். பந்தயத்தை இரட்டிப்பது என்றால் அந்த இரண்டு சரிவுகளில் ஒன்றை எடுத்துவிடுவது. மிஞ்சுவது ஒரே ஒரு 10 சதவீதம். அதனால் பந்தயம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஆபத்து தன் வர்க்கமூலமாக மாறுகிறது. மறுபக்கமாகப் பார்த்தால் கைமுதலை இரட்டிக்கும்போது ஆபத்து தன் வர்க்கமாகச் சுருங்குகிறது. 10 சதவீதம் 1 ஆகிறது. 1 சதவீதம் 0.01 ஆகிறது.

சாதகத்துக்கும் இதே பலம் உண்டு. 51க்குப் பதில் ஜெயிக்கும் வாய்ப்பு 50.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதகம் 2 சதவீதத்திலிருந்து 1 ஆகிறது. 115 பந்தயம் கையில் இருந்தும் ஆபத்து 1 சதவீதத்திலிருந்து 10க்குத் தாவுகிறது. பந்தயத்தை இரட்டித்ததும் சாதகத்தைப் பாதியாக்கியதும் ஒன்றேதான். பந்தயத்தை நீங்களே இரட்டித்தால் உங்களுக்குத் தெரியும். சாதகம் நீங்கள் நினைத்ததில் பாதியாக இருந்தால் தெரியாது. இந்த வேறுபாட்டுக்குப் பிறகு வருவோம்.

## சாதகம் இல்லாத ஆட்டத்தில்

p = q எனில் q/p ஒன்று. அதை எத்தனை முறை பெருக்கினாலும் ஒன்றுதான். எதிராளியிடம் தீராத பணம் இருந்தால், நியாயமான ஆட்டத்தில்கூட நிறுத்தாமல் ஆடுபவர் போண்டியாவது உறுதி.

சாதகம் எதிராளி பக்கம் இருந்தால் எவ்வளவு வேகமாக நிலைமை கெடுகிறது என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1657இல் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் வாசகர்களுக்கு விட்ட புதிர் அது. இருவருக்கும் ஆளுக்கு 12 காய்கள். மூன்று பகடையை உருட்டி 11 விழுந்தால் ஒருவருக்கு ஒரு காய், 14 விழுந்தால் மற்றவருக்கு ஒரு காய். எல்லாக் காயையும் பெறுபவர் வெற்றி. 216 விதங்களில் 11 விழ 27 வழி, 14 விழ 15 வழி. ஒரு காய்க்கான போட்டியில் விகிதம் 9க்கு 5 தான். ஆனால் மொத்த ஆட்டத்தின் விகிதம் 9 இன் 12ஆம் அடுக்குக்கு 5 இன் 12ஆம் அடுக்கு. 14க்காரர் ஒருமுறை ஜெயித்தால் 11க்காரர் சுமார் 1,157 முறை ஜெயிப்பார்.

கேசினோவில் இதே கணக்கு ரூலெட் மேசையில் நடக்கிறது. ஒரே பூஜ்யம் உள்ள ஐரோப்பியச் சக்கரத்தில் சிவப்பு விழ 37இல் 18 வாய்ப்பு. கையில் உள்ளதை இரட்டிக்க வேண்டும் என்று ஒருவர் உட்காருகிறார். மொத்தத்தையும் ஒரே பந்தயமாக வைத்தால் இரட்டிக்க 48.6 சதவீத வாய்ப்பு. பத்தாகப் பிரித்து ஆடினால் 36.8. நூறாகப் பிரித்து ஆடினால் 0.45 சதவீதம். சின்னப் பந்தயம் பாதுகாப்பு என்ற பொதுவான அறிவுரை இங்கே தலைகீழாகிறது. சாதகம் எதிர்ப்பக்கம் இருக்கும்போது சின்னப் பந்தயம் தோல்வியைத் தள்ளிப்போடும், ஆனால் இன்னும் உறுதியாக்கும். எனவே பந்தயத்தின் அளவைப் பற்றிப் பேசுவதற்கு முன் சாதகம் நேர்மறையா என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். இல்லையென்றால் இனி வரும் படிகள் எதுவும் பயன்படாது. தோற்றால் இரட்டிப்பாக வைக்கும் மார்ட்டிங்கேல் போன்ற உத்திகளும் இதற்கு விலக்கு அல்ல.

## உண்மையான ஆட்டத்துக்கான சூத்திரம்

பிளாக்ஜாக்கில் எல்லா ஆட்டமும் ஒன்றுக்கு ஒன்று கொடுப்பதில்லை. இயல்பான பிளாக்ஜாக்குக்கு 2க்கு 3 கிடைக்கும். ஜோடியைப் பிரிக்கலாம், பந்தயத்தை இரட்டிக்கலாம். சீட்டு எண்ணுபவரின் பந்தயமும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். அதனால் p, q போதாது. இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, 100 ஆட்டத்துக்குச் சராசரியாக எவ்வளவு வரும் என்பது. மற்றது, அந்த 100 ஆட்ட முடிவு சராசரியைச் சுற்றி எவ்வளவு ஆடும் என்று சொல்லும் திட்ட விலக்கம். கைமுதல் B, சராசரி வரவு m, திட்ட விலக்கம் s என்றால்:

```
R = exp(-2 * m * B / s^2)
```

எக்செல்லில் B1இல் m, B2இல் கைமுதல், B3இல் s வைத்து:

```
=EXP(-2*B1*B2/B3^2)
```

இதில் ஆட்டங்களின் எண்ணிக்கை எங்கும் இல்லை. முடிவில்லாமல் ஆடினால் என்ற கேள்விக்கான விடை இது. m, s இரண்டும் ஒரே அளவுக்கானவையாக இருக்க வேண்டும். m ஐ ஒரு மணிக்கும் s ஐ 100 ஆட்டத்துக்கும் எடுத்துப் போட்டுவிட்டு விடையைப் பார்த்து மகிழ்வது அடிக்கடி நடக்கும் தவறு.

## ஒரு முழுக் கணக்கு

ஆறு சீட்டுக்கட்டு வைத்த மேசை, குறைந்தபட்சப் பந்தயம் 10 டாலர். சரியான அடிப்படை உத்தியோடு ஆடினால் கேசினோவுக்குச் சாதகம் சுமார் அரை சதவீதம். எண்ணுபவர், சின்னச் சீட்டுகள் நிறையப் போய், பத்துகளும் ஏஸ்களும் கட்டில் அதிகம் மிஞ்சியிருக்கும் நேரத்தைப் பார்த்துப் பந்தயத்தை ஏற்றுவார். 100 ஆட்டங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். கீழே உள்ளவை விளக்கத்துக்காக எடுத்த எண்கள், ஆனால் இத்தகைய மேசைக்கு ஏற்ற அளவில் உள்ளவை.

| எண்ணிக்கை நிலை | ஆட்டங்கள் | பந்தயம் (டாலர்) | சாதகம் |
|---|---|---|---|
| மோசம் அல்லது சமம் | 80 | 10 | −0.85% |
| கொஞ்சம் நல்லது | 10 | 40 | +0.5% |
| நல்லது | 6 | 80 | +1.0% |
| மிக நல்லது | 4 | 100 | +1.8% |

முதல் படி, சராசரி வரவு. ஒவ்வொரு வரியிலும் ஆட்டம், பந்தயம், சாதகம் மூன்றையும் பெருக்குங்கள். −6.80, 2.00, 4.80, 7.20. கூட்டினால் 100 ஆட்டத்துக்கு 7.20 டாலர்.

இரண்டாம் படி, ஏற்ற இறக்கம். பிளாக்ஜாக்கில் ஒரு டாலர் பந்தயத்தின் திட்ட விலக்கம் ஏறக்குறைய 1.15 டாலர். அதன் வர்க்கம் சுமார் 1.3. ஒவ்வொரு வரியிலும் ஆட்ட எண்ணிக்கையைப் பந்தயத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். 8,000 + 16,000 + 38,400 + 40,000 = 1,02,400. இதை 1.3ஆல் பெருக்கினால் 1,33,120. இதுதான் சூத்திரத்தின் s². வர்க்கமூலம் எடுத்தால் s சுமார் 365 டாலர். 7 டாலர் எதிர்பார்த்து உட்காருபவருக்கு 365 டாலர் மேலும் கீழும் ஆடும்! இந்தத் தொழிலின் இயல்பு இந்த இரண்டு எண்களுக்கு இடையே இருக்கிறது.

மூன்றாம் படி, கைமுதல். 10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். −2 × 7.2 × 10,000 ஐ 1,33,120ஆல் வகுத்தால் −1.08. exp(−1.08) = 0.34. பத்தாயிரம் டாலர், மிகச் சின்ன மேசை, தவறே செய்யாத ஆட்டம். அப்படியும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் எல்லாம் போகும்.

நான்காம் படி, தாங்கக்கூடிய ஆபத்தை முதலில் முடிவு செய்து, அதற்கு வேண்டிய கைமுதலைத் திருப்பிக் கணக்கிடுவது. 5 சதவீதத்துக்கு 2.996, 1 சதவீதத்துக்கு 4.605 என்ற எண்ணை எடுங்கள் (ln 20, ln 100). அதை s²ஆல் பெருக்கி, m இன் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 5 சதவீதத்துக்கு 2.996 × 1,33,120 ÷ 14.4, சுமார் 27,700 டாலர். 10 டாலர் மேசைக்கு!

## எதை மாற்றினால் எவ்வளவு குறையும்

27,700 டாலர் இல்லாதவருக்கு முதலில் தோன்றுவது எல்லாப் பந்தயத்தையும் பாதியாக்குவது. ஆனால் 10 டாலரைப் பாதியாக்க மேசை விடாது. மேல் பந்தயங்களை மட்டும் குறைத்தால் 80 மோசமான ஆட்டங்களின் 6.80 டாலர் நஷ்டம் அப்படியே நிற்கும், அதை ஈடுகட்டும் வரவுதான் குறையும். 40, 80, 100 என்பதை 20, 40, 50 ஆக்கினால் வரவு 7.00, நஷ்டம் 6.80. மிச்சம் 20 காசு. s² 41,080க்கு இறங்கியும், போண்டியாகும் வாய்ப்பு 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. பந்தயத்தைக் குறைத்து ஆபத்தை ஏற்றிக்கொள்வது இப்படித்தான் நடக்கிறது. பந்தயத்தைக் குறைத்தால் ஆபத்து குறையும் என்பது, சாதகமும் எல்லா ஆட்டத்திலும் அதே விகிதத்தில் நிற்கும்போது மட்டுமே உண்மை.

பயன் தருவது வேறொன்று. எண்ணிக்கை மோசமாக இருக்கும்போது ஆடாமல் நின்று பார்ப்பது, நல்லதானதும் உட்காருவது. முதல் வரி முழுவதும் போய்விட்டால் வரவு 14.00 டாலர், s² 1,22,720. ஏற்ற இறக்கம் சிறிதுதான் குறைந்திருக்கிறது, சாதகமோ இரட்டிப்பாகிவிட்டது. 10,000 டாலருக்கு ஆபத்து 34இலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்குகிறது. 5 சதவீதத்துக்கு இப்போது 13,100 டாலர் போதும். நடைமுறையில் மோசமான ஆட்டங்களை முழுவதுமாகத் தவிர்க்க முடியாது. ஆட்டத்தின் நடுவில் நுழைய விடாத மேசைகளும் உண்டு. எனவே உண்மை விடை 34க்கும் 10க்கும் இடையில் எங்கோ இருக்கும்.

மேசையைத் தேர்ந்தெடுப்பதும் இந்தக் கணக்குக்குள் வருகிறது. பிளாக்ஜாக்குக்கு 2க்கு 3க்குப் பதில் 5க்கு 6 கொடுக்கும் மேசைகள் பரவிவிட்டன. அந்த ஒரு விதி மட்டும் கேசினோவுக்குச் சுமார் 1.4 சதவீதம் கூடுதல் சாதகம் தருகிறது. மேலே உள்ள பட்டியலில் எல்லா வரியிலும் 1.4 ஐக் கழித்துப் பாருங்கள். கடைசி வரி மட்டுமே நேர்மறையாக மிஞ்சுகிறது, அதுவும் 0.4. அப்படிப்பட்ட மேசையில் எந்தக் கைமுதலும் காப்பாற்றாது.

இன்னொன்று செலவு. பயணம், தங்கும் செலவு, சாப்பாடு எல்லாம் கைமுதலிலிருந்து போகிறதென்றால் அவை m இலிருந்து கழிய வேண்டும். 100 ஆட்டத்துக்கு 5 டாலர் செலவு என்றால் 14 என்பது 9 ஆகும். ஆபத்து 10 சதவீதத்திலிருந்து 23 ஆகும். வீட்டுச் செலவையும் அதே பணத்திலிருந்து எடுப்பவருக்கு m பூஜ்யத்தைத் தொடுவது எளிது. மணிக்கு 80 ஆட்டம் என்று வைத்தால், 14 டாலர் வரவு என்பது மணிக்கு 11 டாலர் சொச்சம்தான் என்பதையும் கவனியுங்கள்.

கைமுதல் எது என்பதிலும் ஏமாற்றிக்கொள்ள இடம் உண்டு. சட்டைப்பையில் 10,000 டாலர், வங்கியில் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளத் தயாராக இன்னொரு 10,000 டாலர் இருந்தால், B என்பது 20,000. ஆபத்து 10 இலிருந்து 1 சதவீதமாகிறது. ஆனால் கடனாக வாங்கிவரும் பணம் B அல்ல. அது போனபின் நிற்கும் இடம் பூஜ்யத்துக்கும் கீழே.

## ஒரு பயணத்துக்கான ஆபத்து

முடிவில்லாத ஆட்டம் பற்றிய விடை திட்டமிட உதவும். ஆனால் வெள்ளிக்கிழமை போய் ஞாயிறு திரும்புபவரின் கேள்வி வேறு: கையில் எடுத்துப்போகும் 2,000 டாலர் 1,000 ஆட்டத்துக்குள் தீருமா? இதற்கு n (எத்தனை 100 ஆட்டம்) வேண்டும். B4இல் n = 10 வைத்து:

```
=NORM.S.DIST((-B2-B1*B4)/(B3*SQRT(B4)),TRUE)
 +EXP(-2*B1*B2/B3^2)
 *NORM.S.DIST((-B2+B1*B4)/(B3*SQRT(B4)),TRUE)
```

m = 14, s = 350.3, B = 2,000 போட்டால் முதல் பகுதி 2.67 சதவீதம், இரண்டாம் பகுதி 2.95. மொத்தம் 5.6. முதல் பகுதி சொல்வது, 1,000 ஆட்டமும் ஆடி முடித்தால் மொத்த நஷ்டம் 2,000க்கும் மேல் நிற்கும் வாய்ப்பு. பலர் இதை மட்டுமே கணக்கிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் நடுவில் ஒருமுறை 2,000 தீர்ந்துவிட்டாலே பயணம் முடிந்தது. கையில் பணம் இருந்திருந்தால் மீண்டிருக்கலாம் என்பது அப்போது உதவாது. அந்த நடுவழிச் சரிவுகள்தான் இரண்டாம் பகுதி. உண்மை ஆபத்து, கடைசிக் கணக்கை மட்டும் பார்த்தால் தெரிவதைப் போல இரண்டு மடங்கு.

கைமுதலை இரட்டிப்பதற்குள் போண்டியாவேனா என்பது கேள்வி என்றால் இன்னும் எளிது. R ஐ (1 + R)ஆல் வகுத்தால் போதும். R 10.2 சதவீதம் என்றால், இரட்டிக்கும் முன் போகும் வாய்ப்பு 9.3. வித்தியாசம் சிறிது என்பதிலிருந்தே ஆபத்தில் பெரும்பங்கு ஆரம்பக் காலத்தில் இருப்பது தெரிகிறது. இரட்டித்துவிட்டு அதே பந்தயத்தில் நிற்பவருக்கு மீதி ஆபத்து 1 சதவீதம்தான்.

## பந்தயத்தைக் கைமுதலோடு சேர்த்து இறக்குவது

இதுவரை பார்த்த கணக்கெல்லாம் பந்தயம் மாறாது என்று வைத்துப் போட்டவை. கைமுதல் குறையக் குறையப் பந்தயத்தையும் குறைப்பவருக்கு நிலைமை வேறு. 10,000 டாலர்காரர் 5,000க்கு இறங்கினால் 40, 80, 100 என்பதை 20, 40, 50 ஆக்குவேன் என்று விதி வைத்துக்கொள்கிறார் என்போம் (மோசமான ஆட்டங்களில் உட்காராதவர்). 5,000 வரை இறங்கும் வாய்ப்பு 10.2 சதவீதத்தின் வர்க்கமூலம், 32 சதவீதம். அங்கிருந்து 2,500க்கு இறங்கும் வாய்ப்பும் அதே 32, ஏனென்றால் பந்தயமும் கைமுதலும் சேர்ந்தே பாதியாகிவிட்டன. ஆக, பழைய விதியில் 10 சதவீத வாய்ப்பில் எல்லாம் போயிருக்கும். புதிய விதியில் அதே 10 சதவீதத்தில் 2,500 மிஞ்சுகிறது. 1,250க்கு இறங்க 3.3 சதவீதம்.

இதற்கு விலையும் உண்டு. பாதிப் பந்தயத்தில் வரவு 100 ஆட்டத்துக்கு 7 டாலர். இழந்த 5,000 ஐ மீட்கச் சராசரியாக 71,000 ஆட்டம் வேண்டும். இரண்டாம் முறை பாதியாக்கினால் 10, 20, 25. மூன்றாம் முறை 5 டாலர் வரும், மேசை ஏற்காது. விகிதப்படி இறக்கிக்கொண்டே போனால் போண்டியே ஆக முடியாது என்ற வாதம் காகிதத்தில் சரி, குறைந்தபட்சப் பந்தயம் அதற்கு ஒரு தரை போட்டுவிடுகிறது. அந்தத் தரையை அடையும்போது கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை முன்பே எழுதிவைத்துக்கொள்வது நல்லது. இறங்கும் விதியைத் தோற்றுக்கொண்டிருக்கும்போது உருவாக்க முடியாது.

கைமுதலில் எவ்வளவு விகிதத்தைப் பந்தயமாக வைப்பது என்பதற்கு 1956இல் பெல் ஆய்வகத்தில் ஜான் கெல்லி தந்த விடையே இன்னும் அளவுகோல். நம் கணக்கின் மொழியில், s² ஐ m ஆல் வகுத்தால் வரும் தொகைதான் அந்தப் பந்தயங்களுக்கு முழு கெல்லி கைமுதல். 1,22,720 ÷ 14, சுமார் 8,770 டாலர். அந்தக் கைமுதலோடு பந்தயத்தை மாற்றாமலே ஆடினால் போண்டியாகும் வாய்ப்பு எப்போதும் 13.5 சதவீதம், ஆட்டம் எதுவாக இருந்தாலும். இதன் இரண்டு மடங்கு கைமுதல், அதாவது அரை கெல்லி, 1.8 சதவீதம். நான்கு மடங்கு என்றால் 0.03. தொடர்ந்து விகிதப்படி மாற்றிக்கொண்டே ஆடினால் போண்டியாவதில்லை, ஆனால் கைமுதல் எப்போதாவது ஆரம்பத்தின் பாதிக்கு இறங்கும் வாய்ப்பு முழு கெல்லியில் 50 சதவீதம், அரை கெல்லியில் 12.5, கால் கெல்லியில் 0.8. முழு கெல்லி கைமுதலை மிக வேகமாக வளர்க்கும் என்பது உண்மை. ஆனால் இரண்டில் ஒரு வாய்ப்பில் பாதிப் பணம் போனதைப் பார்த்துக்கொண்டு அதே நிதானத்தோடு ஆடுபவர்கள் அரிது. அரை கெல்லிக்கு மேல் போகாதீர்கள். சாதகத்தை நீங்கள் தவறாக மதிப்பிட்டிருக்கும் வாய்ப்பையும் சேர்த்தால் கால் கெல்லி இன்னும் நியாயம்.

## சாதகம் உண்மையில் எவ்வளவு

மேலே தொட்டுவிட்டுப் போன கேள்வி இது. பந்தயம் தெரியும், கைமுதலை எண்ணிப் பார்க்கலாம். சாதகம் மட்டும் மதிப்பீடு. அதுவும் அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. வேகமாகச் சீட்டு போடும் டீலர் முன்னால் எண்ணிக்கையில் தவறு வந்து 14 டாலர் 7 ஆகிவிட்டால், 10 சதவீத ஆபத்து 32 ஆகிறது.

சொந்தக் குறிப்பேட்டைப் பார்த்துச் சாதகத்தைத் தெரிந்துகொள்ளலாமா? 100 ஆட்டத்துக்கு 14 டாலர் வரவு, 350 டாலர் ஏற்ற இறக்கம். சராசரி வரவு அதன் பிழையின் இரண்டு மடங்காக நிற்க வேண்டுமானால் (2 × 350 ÷ 14) இன் வர்க்கம், அதாவது 2,500 முறை 100 ஆட்டம். 2.5 லட்சம் ஆட்டங்கள், மணிக்கு 80 வீதம் 3,000 மணி நேரத்துக்கும் மேல். அதற்கு முன் வரும் லாபமோ நஷ்டமோ சாதகத்தைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. முதல் மாதத்தில் 3,000 டாலர் ஜெயித்தவர் அதைத் தன் திறமையாக எடுத்துக்கொண்டு பந்தயத்தை இரட்டிப்பது, பலரும் போண்டியான வழி.

எனவே சாதகத்தை முடிவுகளிலிருந்து அளக்காதீர்கள், செயலிலிருந்து அளங்கள். மேசையின் விதிகளையும் உங்கள் பந்தயப் பட்டியலையும் கணினிப் பாவனை நிரலில் கொடுத்து m, s இரண்டையும் எடுங்கள். பிறகு வீட்டில் கட்டுகளை வைத்து, உங்கள் எண்ணிக்கை எத்தனை முறை தவறுகிறது, எத்தனை பந்தயம் பட்டியலுக்கு மாறாகப் போகிறது என்று சோதித்துப் பாருங்கள். நிரல் தரும் m ஐ அப்படியே எடுக்காமல் முக்கால் பங்கை மட்டும் சூத்திரத்தில் போடுங்கள். 14க்குப் பதில் 10.5 போட்டாலும் ஆபத்து தாங்கும் அளவில் இருந்தால் உட்காரலாம். s இன் கதை வேறு. அது குறிப்பேட்டில் சில ஆயிரம் ஆட்டங்களிலேயே ஓரளவு தெரிந்துவிடும். உங்கள் ஏற்ற இறக்கம் கணக்கிட்டதைவிட மிகப் பெரிதாக இருந்தால், பட்டியலை மீறிப் பந்தயம் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

## சூத்திரம் பொருந்தாத ஆட்டங்கள்

ஒரு பந்தயம் கைமுதலில் சிறு பங்காக இருக்கும்போது, லாப நஷ்டம் இரண்டும் ஏறக்குறைய சம அளவில் இருக்கும்போது இந்தச் சூத்திரம் நன்றாக வேலை செய்யும். பிளாக்ஜாக் அப்படிப்பட்டது. அடிக்கடி சிறு லாபம், எப்போதாவது பெரிய நஷ்டம் என்று இருக்கும் ஆட்டங்களில் சூத்திரத்தைவிட அதற்குள் போடும் எண்களே அதிகம் ஏமாற்றும். பங்குச் சந்தையில் ஆப்ஷன் விற்பவர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 20இல் 19 முறை 1 ரூபாய் லாபம், ஒருமுறை 15 ரூபாய் நஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதகம் 20 பைசா, நேர்மறைதான். ஆனால் முதல் 30 வியாபாரத்தில் அந்த நஷ்டம் ஒருமுறைகூட வராமல் போக 21 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அந்த 30 ஐ மட்டும் வைத்து m, s கணக்கிட்டால் வரவு 1 ரூபாய், ஏற்ற இறக்கம் பூஜ்யம், போண்டியாகும் வாய்ப்பும் பூஜ்யம் என்றே தோன்றும். உண்மையில் கைமுதல் 50 ரூபாய் என்றால் ஆபத்து 20 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அதுவும் 15 என்பதே மிகப் பெரிய நஷ்டம் என்ற நம்பிக்கையில். ஆகவே இத்தகைய வியாபாரத்தில் s ஐக் குறிப்பேட்டிலிருந்து எடுக்கக் கூடாது. ஒரே நாளில் வரக்கூடிய மிக மோசமான நஷ்டத்தை முதலில் எழுதுங்கள். அது எத்தனை வியாபாரத்துக்கு ஒருமுறை வரும் என்று கொஞ்சம் கடுமையாகவே மதிப்பிடுங்கள். அதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டு மேலே உள்ள பட்டியலைப் போல m, s² இரண்டையும் கணக்கிடுங்கள். அந்த வரியைச் சேர்த்ததும் m எதிர்மறையாகப் போனால் கைமுதலைக் கூட்டிப் பயனில்லை, அந்த வியாபாரத்தையே விட வேண்டும்.